வடிவு எண்டால் என்ன நிறம்?

எங்கட வாயில ‘வடிவு’ எல்லாத்துக்கும் பொருந்தும். சாறியும் வடிவு, பின்னேர மழையும் வடிவு, பக்கத்து வீட்டுப் பிள்ளையும் வடிவு. கேட்கிறவருக்கும் விளங்கிவிடும், ஏனெண்டால் அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

படம் கீறித் தரும் ஏஐக்கு அப்படியில்லை. அது இணையத்துப் படங்களையும் அவற்றோட ஆட்கள் எழுதிவைத்த குறிப்புகளையும் சேர்த்துப் பழகினது. ‘அழகான பெண்’ என்ற குறிப்போட கிடக்கிற படங்களில் விளம்பரமும் ஃபாஷனும்தான் கூட. அந்தச் சொல்லைக் குடுத்தால் அந்த முகம்தான் முன்னுக்கு வரும்.

எங்கட குழுவில ஒரு தங்கச்சி தன்ர செல்ஃபியைப் போட்டு, “வடிவான நீர்வர்ண ஓவியமாக்கு” எண்டு கேட்டாள். வந்த படத்தில தோல் வெளிறி, மூக்கு ஒடுங்கி, புருவத்துத் தழும்பு காணாமல் போயிருந்தது. அவளின்ர அம்மா பார்த்துப்போட்டு, “ஆர் பிள்ளை இது?” எண்டு கேட்டா.

பிறகு எல்லாரும் இருந்து முதல் புரொம்ப்டைத் திரும்ப எழுதினம். செல்ஃபியில விரல் வைத்துக் காட்டேலாத சொல் எதுவும் உள்ளுக்கு வரக்கூடாது. ‘நல்ல வெளிச்சம்’ எங்கேயிருந்து வருது? யன்னல் இடப்பக்கம், வலக்கன்னத்தில நிழல். சில போன்கள் செல்ஃபியைக் கண்ணாடி மாதிரித் திருப்பிச் சேமிக்கும். அதால அவளின்ர இடது கையை யோசிக்காமல், படத்தின்ர இடப்பக்கம் எண்டே எழுதினம்.

நிறத்திலதான் கன நேரம் இழுபட்டது. ‘மாநிறம்’ எண்டு ஒராள் சொன்னார். அதுவும் வடிவுக்குத் தம்பிதான், ஆளுக்கொரு நிறத்தை நினைப்பினம். கடைசியில் இப்படி வந்தது:

“இந்தச் செல்ஃபியில் இருப்பவரை நீர்வர்ண ஓவியமாக வரையவும். தோல் செல்ஃபியில் உள்ள அதே கடும் மண்ணிறம், வெளிச்சம் படும் நெற்றியில் செம்புச் சாயல். அகன்ற மூக்கு. படத்தின் இடப்பக்கப் புருவத்தைக் குறுக்கே வெட்டும் சிறு தழும்பு. கன்னத்தில் பருத் தடங்கள். நடுவகிடு, காதோரம் சுருண்ட முடி. இடப்பக்க யன்னலில் இருந்து காலை வெளிச்சம். பின்னால் பச்சைச் சுவர்.”

நிறமும் மூக்கும் முன்னுக்கு நிற்பது வேணுமெண்டுதான். விவரம் கூடக்கூட ஏஐ சிலதை விட்டுவிடும். விடக்கூடாததை முதலில் சொல்லவேணும். ‘மேக்கப் வேண்டாம்’ எண்டும் எழுதேல்ல. சில கருவிகள் ‘வேண்டாம்’ என்றதை விட்டிட்டு மேக்கப்பைப் பிடித்துக்கொள்ளும். பருத் தடம் தெரிய வேணும் எண்டு கேட்டால் பவுடருக்கு இடமில்லை.

இந்தமுறை நிறம் சரியா வந்தது, மூக்கும் அவளின்ரதான். தழும்பு மட்டும் மற்றப் புருவத்துக்குப் போயிருந்தது. அதை மட்டும் இடம் மாற்றச் சொல்லி அடுத்ததை எழுதினம். மிச்ச வரிகளைத் தொடேல்ல.