கார்னர்ல யார் ஆளை விட்டது?

மேட்ச் முடிந்ததும் எல்லா டீமிலும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். கார்னரில் கோல் வாங்கியிருந்தால் பஞ்சாயத்துக்கு ஒரே கேள்விதான்: "அவன் யார் ஆளு?" நீங்கள் டிபார்ட்மென்ட் டீமில் ஆடியிருந்தாலும் சரி, மெஸ் டிவியில் பிரீமியர் லீக் பார்த்துக் கத்தியிருந்தாலும் சரி, இதைக் கேட்டிருப்பீங்க. இந்தக் கேள்விக்கு நாம் சொல்லும் பதில் பெரும்பாலும் தப்பாக இருக்கு. ஏன்னு சொல்றேன்.

முதலில் ஒரு சின்ன கணக்கு. பெரிய லீக்குகளில் நூறு கார்னருக்கு மூன்று, நான்கு கோல்தான் விழும். மூன்று என்றே வைத்துக்கொள்வோம். ஒரு டீம் ஒரு மேட்ச்சில் 6 கார்னர் எடுத்தால், ஒன்றுகூட கோல் ஆகாமல் போவதற்கான வாய்ப்பு 0.97-ஐ ஆறு தடவை பெருக்கினால் வருவது. கிட்டத்தட்ட 83 சதவீதம். அதாவது பிரமாதமாக கார்னர் எடுக்கும் டீமும் முக்கால்வாசி மேட்ச்சில் வெறுங்கையோடுதான் திரும்பும். கேவலமாக டிஃபெண்ட் பண்ணும் டீமும் பல வாரம் தப்பித்துக்கொண்டே போகும். ஒரு மேட்ச்சை வைத்து "நம்ம மார்க்கிங் சூப்பர்" என்பதும் "மார்க்கிங் வேஸ்ட்" என்பதும் ஒரு தடவை காசு சுண்டிப் பார்த்துவிட்டுப் பேசுவது மாதிரிதான்.

அப்போ எதை எண்ணுவது? கோலை இல்லை, முதல் தொடலை எண்ணுங்க. பந்து உள்ளே வந்ததும் அதை முதலில் தொட்டது யார், எந்த இடத்தில்? இது ஒவ்வொரு கார்னரிலும் நடக்கிற விஷயம் என்பதால் நான்கைந்து மேட்ச்சிலேயே ஒரு படம் கிடைத்துவிடும். கோல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இடத்தைக் குறிக்க நான்கு கட்டம் போதும்: நியர் போஸ்ட், கோலுக்கு நேர் நடுவில் இருக்கும் சின்னப் பெட்டி, ஃபார் போஸ்ட், பிறகு பெனால்டி ஸ்பாட்டைச் சுற்றிய பகுதி. சின்னப் பெட்டி கோல் லைனிலிருந்து வெறும் 5.5 மீட்டர். அங்கே பந்து லேசாக யார் தலையில் பட்டாலும் கோலாகலாம். ஸ்பாட் 11 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து கோல் அடிக்க பலமான ஹெட்டர் வேண்டும். பந்து கோலை நோக்கி வளைந்தால் இன்ஸ்விங், விலகி வளைந்தால் அவுட்ஸ்விங். இன்ஸ்விங் சின்னப் பெட்டிக்கு வருவதால் கோலுக்கு ஆபத்து அதிகம். ஆனால் அது கீப்பர் கைக்கு எட்டும் தூரமும்கூட. அதனால் அதை அடிக்கிற டீம் முதலில் கீப்பரை சமாளிக்க வேண்டும்.

இதை நேரில் பார்க்க 2024 செப்டம்பர் 22 அன்று எத்திஹாட் மைதானத்தில் நடந்த மான்செஸ்டர் சிட்டி - ஆர்சனல் மேட்ச்சை எடுத்துப் போடுங்க. ஆர்சனலின் செட் பீஸ் கோச் நிக்கோலா ஜோவர். 2021-இல் அங்கே வருவதற்கு முன் அவர் வேலை பார்த்தது இதே சிட்டியில்தான். 2023-24 சீசனில் ஆர்சனல் லீக்கில் கார்னர் வழியாக அடித்தது 16 கோல். ஒரு டீம் மேட்ச்சுக்கு 5 கார்னர் வீதம் 38 மேட்ச்சில் 190 எடுக்கிறது என்று வையுங்க. நூற்றுக்கு மூன்று கணக்கில் ஆறு கோல் வரும். 250 கார்னர் எடுத்தாலும் ஏழு, எட்டுதான். 16-ஐ வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது.

அந்த மேட்ச்சில் இடைவேளைக்குச் சற்று முன் வலது பக்கத்திலிருந்து சாகா இடது காலால் இன்ஸ்விங் அடிக்கிறார். கேப்ரியல் ஃபார் போஸ்ட்டில் கைல் வாக்கரை மீறி எழும்பி தலையால் முட்டுகிறார், கோல். ரீப்ளேயில் எல்லாரும் பார்ப்பது வாக்கரை. "யார் ஆளு?" என்ற கேள்விக்கு உடனே ஒரு பெயர் கிடைச்சாச்சு. இப்போது மறுபடி ஓட்டி, பந்தைப் பார்க்காமல் கீப்பர் எடர்சனை மட்டும் பாருங்க. மார்ட்டினெல்லி அவர் பக்கத்திலேயே ஒட்டி நிற்கிறார். அந்தக் கூட்டத்தில் எடர்சனால் பந்துக்குப் போக முடியவில்லை. அவர் சுதந்திரமாக வர முடிந்திருந்தால் வாக்கர் தோற்றதும்கூட பெரிதாகத் தெரிந்திருக்காது.

அதே மேட்ச்சின் கடைசி நிமிடங்களில் சிட்டியும் ஒரு கார்னரில் இருந்துதான் 2-2 ஆக்கியது. ஷார்ட் கார்னர், கோவாசிச் ஷாட் தடுக்கப்பட்டது, தெறித்த பந்தை ஸ்டோன்ஸ் உள்ளே தட்டினார். முதல் தொடலை மட்டும் எண்ணும் அட்டவணையில் இந்த கோல் சரியாக விழாது. அதனால் "தெறித்த பந்து யாருக்குப் போனது" என்று இன்னொரு பத்தியும் வேண்டும். கார்னருக்குப் பிறகு எத்தனை நொடி வரை கார்னர் கோல் என்பதை எண்ண ஆரம்பிப்பதற்கு முன்பே முடிவு பண்ணிடுங்க. இல்லன்னா ரெண்டு பேர் எண்ணினா ரெண்டு விடை வரும்.

இதை நான் நோண்ட ஆரம்பித்ததற்குக் காரணம் என் ரூம்மேட். எங்கள் டீமில் அவன் சென்டர் பேக். ஒரு மேட்ச்சில் எதிரணியின் உயரமான ஆள் ஒருத்தன் ஃபார் போஸ்ட்டில் தனியாக நின்று ரெண்டு ஹெட்டர் போட்டான். ரெண்டு தடவையும் அவன் என் ரூம்மேட்டோட ஆளு. வாட்ஸ்அப் குரூப்பில் மீம் போட்டாங்க. அடுத்த வாரம் பிராக்டிஸுக்கு வரலை. "நான் ஆடறதால டீமுக்குத்தான்டா நஷ்டம்"னு சொல்லிட்டுப் படுத்துட்டான்.

கேலரியிலிருந்து ஜூனியர் ஒருத்தன் எடுத்த வீடியோ இருந்தது. அதைப் பாதி வேகத்தில் ஓட்டினோம். ரெண்டு கோலிலும் கதை ஒன்றே. உயரமான ஆள் பெனால்டி ஸ்பாட்டிலிருந்து ஓடத் தொடங்கும்போது, இன்னொரு எதிரணிக்காரன் என் நண்பன் ஓட வேண்டிய வழியில் முன்கூட்டியே போய் நிற்கிறான். தள்ளவில்லை, பிடிக்கவில்லை, சும்மா நிற்கிறான். தான் நிற்கும் இடத்தில் நிற்க எந்த ஆட்டக்காரருக்கும் விதிப்படி உரிமை உண்டு. நகர்ந்து வந்து மறித்தால்தான் ஃபவுல். நண்பன் அவனைச் சுற்றி வருவதற்குள் பந்து தலைக்குப் போய்விட்டது. அப்படி நின்றவனை மார்க் பண்ண வேண்டிய நம்ம ஆள் ரெண்டு அடி பின்னால் பந்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெயர் எந்த மீமிலும் இல்லை.

ஆளுக்கு ஆள் மார்க்கிங்கின் சிக்கல் இதுதான். கோல் விழுந்ததும் குற்றவாளி பெயர் தானாக வந்துவிடும், காரணம் மட்டும் வராது. சோனல் மார்க்கிங்கில் ஒவ்வொருவருக்கும் ஒரு இடம்தான் பொறுப்பு. அதில் வழிமறிப்பு அவ்வளவு எடுபடாது. ஆனால் நின்ற இடத்திலிருந்து குதிப்பவன் ஓடி வந்து குதிப்பவனிடம் உயரத்தில் தோற்பான். அதனால்தான் பெரிய டீம்கள் பலவும் கலந்து வைக்கின்றன: பலமான தலைகள் சின்னப் பெட்டியில் இடம் காக்கும், மீதி ரெண்டு மூணு பேர் ஓடி வருபவர்களின் வேகத்தைக் கெடுக்கும்.

நாங்களும் அதைத்தான் செய்தோம். என் ரூம்மேட் இப்போது ஃபார் போஸ்ட் பக்க சின்னப் பெட்டியில் நிற்கிறான், யாரையும் துரத்துவதில்லை. முன்னால் நிற்கும் ரெண்டு பேர், வழி மறிக்கப்பட்டால் "மாத்து"னு கத்தி ஆளை மாற்றிக்கொள்ளணும். ரெண்டு பேரும் ஒரே ஆள் பின்னால் ஓடினால் இது சொதப்பும், பிராக்டிஸில் நாலஞ்சு தடவை சொதப்பவும் செய்தது. அவனைத் திரும்ப வரவைத்தது என் பேச்சு இல்லை, அந்தப் பாதி வேக வீடியோ. முழுசாகப் பார்த்து முடித்துவிட்டு அவன் கேட்டது ஒன்றுதான்: "அப்போ பிராக்டிஸ் எத்தனை மணிக்கு?"