நானூற்று முப்பத்தாறு ரூபாய்

வெள்ளிமலைக்குப் பக்கத்தில் இருக்கும் சித்தி கள்ளக்குறிச்சிக்கு வந்தால் என் வீட்டில்தான் சாப்பாடு. போன வருஷம் ஜூனில் வந்தபோது மஞ்சப்பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து நீட்டினார்.

"மாசாமாசம் காசு குறையுதுப்பா. யாரு எடுக்குறான்னு பாரு."

பாஸ்புக்கில் ஒன்றும் தெரியவில்லை. ரொம்ப நாள் பதியாமல் விட்டால் பல வரவுசெலவுகளை ஒரே வரியாகச் சேர்த்து அச்சடித்துவிடுகிறார்கள். அதனால் மறுநாள் கிளையில் பதின்மூன்று மாதத்துக்கான ஸ்டேட்மென்ட் வாங்கினோம். வருஷத்துக்கு ஒருமுறை பிடிக்கும் பணம் மூன்று மாதக் கணக்கில் அகப்படாமல் போகலாம்.

பென்சிலோடு உட்கார்ந்தேன். வரவை விட்டுவிட்டு, ஒரே தொகை திரும்ப வரும் இடங்களில் கோடு போட்டேன். ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதிவாக்கில் 149 ரூபாய். எதிரே இருந்த கம்பெனிப் பெயர் யாருக்கும் தெரியவில்லை. சித்தியின் கணக்கைத் தன் போனில் இணைத்திருந்த தம்பியைக் கூப்பிட்டேன்.

"அது படம் பாக்குற ஆப்புண்ணா. ஒரு ரூபாதான்னு போட்டுச்சு. அப்பவே டெலிட் பண்ணிட்டேனே!"

ஆப்பை அழித்தால் கொடுத்த அனுமதி அழியாது. யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அதை ரத்து செய்யச் சொன்னேன். பன்னிரண்டு மாதம் போயிருந்தது, 1,788 ரூபாய். சித்திக்கு அது ஆறேழு நாள் கூலி.

மே கடைசியில் இன்னும் இரண்டு வரிகள். PMSBY என்று 20 ரூபாய், PMJJBY என்று 436.

"அதையும் நிறுத்திடு" என்றார் சித்தி.

இரண்டும் மத்திய அரசின் காப்பீடு, ஒவ்வொன்றும் இரண்டு லட்சம். இருபது ரூபாய், விபத்துக்கு மட்டும். 436 ரூபாய், எந்தக் காரணத்தால் இறந்தாலும். கணக்கு தொடங்கும்போது கையெழுத்து வாங்கியிருப்பார்கள். ஜூன் முதல் மே வரை ஒரு வருஷம். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது.

"சித்தி, சித்தப்பா பாஸ்புக் இருக்கா?"

சித்தப்பா 2023 அக்டோபரில் மஞ்சள்காமாலையில் போனார். ஐம்பத்திரண்டு வயது. அந்தத் திட்டம் ஐம்பத்தைந்து வரை. பாஸ்புக் மலையில் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை கச்சிராயப்பாளையம் வழியாக பஸ் ஏறிப் போனேன். 2023 மே 31: PMJJBY, 436.

இறப்புச் சான்றிதழ், கோரிக்கைப் படிவம், நாமினியான சித்தியின் ஆதார், பாஸ்புக் நகல். கிளையில் கொடுத்து இரண்டரை மாதத்தில் பணம் வந்தது. எட்டு மாதமாக யாரும் கேட்காமல் கிடந்த பணம். மருத்துவச் செலவுக்கு வாங்கிய வட்டிக்கடன் அடைந்தது.

இந்த மே மாதம் சித்தி போன் செய்தார்.

"நானூத்தி முப்பத்தாறு புடிச்சிட்டானா பாரு. கணக்குல காசு போட்டு வச்சிருக்கேன்."