ரசீதின் பின்பக்கம்

ஜூலை 8
பாப்பாவின் கணுக்காலில் தசைநார் கிழிந்திருக்கிறது. ஆறு வாரம் கட்டு. அப்புறம்தான் நடை, ஆட்டம் எல்லாம். ஆவணியில் அரங்கேற்றம் இல்லை. மண்டபத்துக்குக் கட்டிய 25,000? ராத்திரி பீரோவைக் குடைந்து ரசீதை எடுத்தேன். பின்பக்கம் பொடி எழுத்து: ரத்து செய்தால் முன்பணம் திரும்பாது. வயிற்றைப் பிசைகிறது.

ஜூலை 9
மேனேஜருக்கு போன். “எழுதிக் கொடுங்கம்மா, பார்க்கலாம்.” பின்பக்கத்தை மறுபடி படித்தேன். ரத்து பற்றித்தான் இருக்கிறது. தேதி மாற்றுவது பற்றி ஒரு வரி இல்லை.

ஜூலை 10
கடிதம் மூன்று பக்கம். அவள் விழுந்தது, ஸ்கேன், அழுகை. இரண்டு இடத்தில் ‘ரத்து’ என்று நானே எழுதியிருக்கிறேன்! கிழித்துப் போட்டேன். மேனேஜருக்கு வேண்டியது என் கண்ணீர் இல்லை. நான் எடுத்த ஆவணி ஞாயிறு காலியாகப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

ஜூலை 11
நவராத்திரி முடிந்தால்தான் மிருதங்கக்காரருக்கு ஒழிவு என்றார் டீச்சர். அக்டோபர் 12. புரட்டாசியில் யார் கல்யாணம் வைக்கிறார்கள்? மண்டபம் பூட்டித்தான் கிடக்கும். முகூர்த்த ஞாயிறைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பூட்டிக் கிடக்கிற நாளைத்தானே கேட்கிறேன். இன்று பசித்தது.

ஜூலை 12
ஒரே பக்கம். மேலே ரசீது எண், தேதி, தொகை. ‘தேதியை மாற்றித் தர வேண்டுகிறேன். ஆவணி நாளை இன்றே வேறு யாருக்கும் கொடுத்துவிடலாம். முன்பணம் அதே ரசீதில் அக்டோபர் 12-க்கு இருக்கட்டும். அது இல்லையென்றால் 11 மாலை. வாடகை கூடினால் வித்தியாசத்தைக் கட்டுகிறேன்.’ டாக்டர் சீட்டின் நகலை இணைத்தேன். நேரில் கொடுத்து, என் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கினேன்.

ஜூலை 15
பதில் இல்லை. பாப்பா கட்டுக்காலோடு உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறாள். எரிந்து விழுந்தேன். அவள் என்ன செய்வாள்.

ஜூலை 18
முதலாளி சம்மதம், ஆனால் நிபந்தனை. ஆடிப்பெருக்குக்குள் அந்த ஞாயிறை வேறு யாராவது எடுத்தால் முழுப்பணமும் புது நாளுக்கு. இல்லையென்றால் பாதிதான். “வாய் வார்த்தை போதும்மா” என்றார் மேனேஜர். போதாது சார். நகலின் அடியிலேயே எழுதி, முத்திரை வைக்கச் சொன்னேன். வைத்தார்.

ஜூலை 24
ஆடியில் யார் வந்து மண்டபம் பேசுவார்கள்? 12,500. பக்கவாத்தியத்துக்கு வைத்திருந்த பணத்தில் கை வைக்க வேண்டும். தூக்கமில்லை.

ஜூலை 29
யாரும் வரவில்லையாம். பழக்கடை, ஜவுளிக்கடை, எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். ரசீது தலையணை அடியில்.

ஆகஸ்ட் 3
காவிரிப் படித்துறையில் ஒரே கூட்டம். முகம் தெரியாத யார் வீட்டிலாவது கல்யாணம் கூடட்டும் என்று வேண்டிக்கொண்டு விளக்கு விட்டேன். மாலை ஐந்தரைக்கு போன். ஒரு நிச்சயதார்த்தம். அந்த ஞாயிறை எடுத்துவிட்டார்கள்.
ஓடினேன். ரசீதில் பழைய தேதியை அடித்து, பக்கத்தில் அக்டோபர் 12, கையெழுத்து, முத்திரை. மை காயும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.