தடுப்பதும் தேக்குவதும்

2012-ஆம் வருஷம். மின்வெட்டு உச்சத்தில் இருந்த நேரம். அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு சின்ன ஜாப் ஒர்க் கம்பெனியில் எலக்ட்ரீசியனுக்கு எடுபிடியாக இருந்தேன். கரண்ட் வந்தால்தான் வேலை; எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாது. அப்படி ஒரு ராத்திரி கரண்ட் வந்ததும் பவர் டேபிள் ஓடவில்லை. நீள மேசைக்கு அடியில் ஒரே ஷாஃப்ட், அதிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் பெல்ட். ஷாஃப்டைச் சுற்றுவது ஒரு எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார். டெய்லர்கள் பீஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள்.

மோட்டாரின் கண்டென்சர் போயிருந்தது. புத்தகத்தில் மின்தேக்கி, கடையில் கெப்பாசிட்டர், எங்கள் வாயில் கண்டென்சர். அதன் மேல் 20 மைக்ரோ ஃபாரட் என்று போட்டிருந்தது. டப்பாவில் 20 இல்லை, புதிதாக இரண்டு 10 இருந்தன. பத்தும் பத்தும் இருபது என்று நினைத்து, ஒன்றின் வாலை இன்னொன்றின் தலையில் முறுக்கி, ஒரே வரிசையாக மாட்டினேன். ஐ.டி.ஐ-யில் மின்தடைகளை அப்படித்தானே கூட்டினோம்? சுவிட்சைப் போட்டதும் மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகியது. ஷாஃப்ட் அசையவில்லை. பெல்ட்டைக் கையால் இழுத்துவிட்டால் மெதுவாகச் சுற்றும், லோடு ஏறினால் நின்றுவிடும். மோட்டார் உடம்பு சுடத் தொடங்கியது.

எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து கட்-அவுட்டை எடுத்தார். முறுக்கைப் பிரித்து, இரண்டு கண்டென்சரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தலையோடு தலை, வாலோடு வால் சேர்த்தார். மோட்டார் பிடித்துக்கொண்டது. "தம்பி, கண்டென்சரைப் பக்கவாட்டுல போட்டாத்தான் கூடும், வரிசையா போட்டாக் குறைஞ்சு போயிரும்" என்றார். "ஏனுங்கண்ணா?" என்று கேட்டேன். "அது அப்படித்தானுங்க தம்பி."

நான் மாட்டியபோது மோட்டாருக்குக் கிடைத்தது 20 அல்ல, 5 மைக்ரோ ஃபாரட். கணக்கு பிறகு எளிதில் வந்தது. காரணம்தான் பல நாள் பிடிபடவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் தொடரிணைப்பு, பக்க இணைப்பு என்று இரண்டு பாடம் வரும். மின்தடைக்குத் தொடரில் கூட்டு, பக்கத்தில் தலைகீழ் எண்களைக் கூட்டு. மின்தேக்கிக்கு அப்படியே எதிர். மாணவர்கள் இதை மனப்பாடம் செய்து, பரீட்சையில் மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

எனக்குப் புரியவைத்தது ஒரு செத்த கண்டென்சர். இரண்டு முனையையும் ஒரு மின்தடை வழியாகச் சேர்த்து, மிச்சமிருந்த மின்சாரத்தை வடித்துவிட்டு, பிளாஸ்டிக் கூட்டை அறுத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு துணி ரோல்! காம்பாக்டிங்கிலிருந்து வரும் ரோலை விரல் அளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்குமோ, அப்படி இறுக்கமாகச் சுற்றிய பாலிபுரொப்பிலீன் ஃபிலிம். சில மைக்ரான் தடிமன்தான். அதன் ஒரு பக்கம் உலோகப் பூச்சு பளபளக்கிறது. இரண்டு ஃபிலிமை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, விளிம்பைக் கொஞ்சம் தள்ளிச் சுற்றியிருக்கிறார்கள். ரோலின் இரண்டு நுனியிலும் உலோகத்தைத் தெளித்து ஒயரைப் பற்றவைத்திருக்கிறார்கள். பிரித்துக்கொண்டே போனால் முடிகிற வழியாக இல்லை, தரையெல்லாம் ஃபிலிம். அங்கங்கே ஊசிமுனை அளவில் பூச்சு எரிந்து கண்ணாடிபோல் தெரிந்தது. ஃபிலிமில் பலவீனமான இடம் உடைந்தால் அந்த இடத்துப் பூச்சு ஆவியாகி, பழுது தானாக ஆறிவிடும். ஒவ்வொரு முறை ஆறும்போதும் கொஞ்சம் பரப்பு போய்விடும். அதனால்தான் 2.5 போட்ட ஃபேன் கண்டென்சர் சில வருஷத்தில் இரண்டுக்கும் கீழே இறங்கி, ஃபேன் சோம்பலாகச் சுற்றுகிறது. மல்டிமீட்டரில் கண்டென்சர் அளக்கும் வசதி இருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

அந்தப் பூச்சின் பரப்பு எவ்வளவு பெரியதோ, அவ்வளவு மின்னூட்டம் தேங்கும். இரண்டு பூச்சுக்கும் நடுவே இடைவெளி கூடினால் தேங்குவது குறையும். இரண்டு கண்டென்சரைப் பக்கவாட்டில் சேர்ப்பது இரண்டு ரோல் துணியை அகலத்தில் ஒட்டித் தைப்பது போல. பரப்பு இரட்டிப்பாகிறது, 10-உம் 10-உம் 20 ஆகிறது. வரிசையாகப் போட்டால் என்ன ஆகிறது? முதல் கண்டென்சரின் கடைசித் தகடும், இரண்டாவதின் முதல் தகடும் ஒயரால் சேர்ந்து, வெளியே எதனோடும் ஒட்டாமல் நடுவில் மிதக்கின்றன. வெளியிலிருந்து அங்கே எதுவும் வர முடியாது, அங்கிருந்து போகவும் முடியாது. இருக்கும் மின்னூட்டம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நகரலாம், அவ்வளவுதான். ஆக, வெளித் தகடுகள் இரண்டுக்கும் நடுவே இப்போது ஃபிலிம் இரட்டைத் தடிமன். 10 என்பது 5 ஆகிறது.

அயர்னிங் டேபிளுக்கு ஆவி கொடுக்கும் சின்ன பாய்லரின் ஹீட்டரை இதே கண்ணோடு பாருங்கள். 230 வோல்ட்டில் 1000 வாட் ஹீட்டர் ஒன்றின் தடை சுமார் 53 ஓம். இரண்டை வரிசையாகப் போட்டால் கம்பி இருமடங்கு நீளமானதாகக் கணக்கு: 106 ஓம். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் கம்பி இருமடங்கு தடித்தது போல: 26.5 ஓம். நீளம் கூடினால் தடை கூடுகிறது, பருமன் கூடினால் குறைகிறது. பக்க இணைப்பில் 2000 வாட் சூடு. வரிசையில் இரண்டும் சேர்ந்து 500 வாட்தான், ஒற்றை ஹீட்டரில் பாதி!

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. வரிசையில் போட்ட ஹீட்டரும் சோம்பிப்போனது, வரிசையில் போட்ட கண்டென்சரும் சோம்பிப்போனது. பக்கத்தில் போட்டபோது இரண்டுமே சுறுசுறுப்பாயின. பொருள்கள் இரண்டும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன. எதிராக இருப்பது நாம் அவற்றின் மேல் எழுதும் எண். விடை நம் தமிழ்ப் பெயர்களிலேயே இருக்கிறது. ஒன்று மின்தடை, எவ்வளவு தடுக்கிறது என்று சொல்லும் எண். இன்னொன்று மின்தேக்கி, எவ்வளவு தேக்கிக்கொள்கிறது என்று சொல்லும் எண். தடுப்பதை அளந்தால் வரிசையில் கூடும். இடம் கொடுப்பதை அளந்தால் பக்கத்தில் கூடும்.

இதைச் சோதித்துப் பார்க்க வழி உண்டு. கண்டென்சரையும் 'எவ்வளவு தடுக்கிறது' என்ற கணக்கில் ஓமில் எழுதிவிட வேண்டியதுதான். மாறுமின்னோட்டத்தில் அதற்குச் சூத்திரம்:

Xc = 1/(2πfC)

நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 10 மைக்ரோ ஃபாரட் கண்டென்சருக்குப் போட்டால் 318 ஓம் வருகிறது. வரிசையில் இரண்டைக் கூட்டினால் 636 ஓம். திருப்பிக் கணக்குப் போட்டால் சரியாக 5 மைக்ரோ ஃபாரட். பக்கத்தில் போட்டால் 159 ஓம், அதாவது 20 மைக்ரோ ஃபாரட். ஓமில் எழுதியதும் கண்டென்சர் மின்தடையின் விதிக்கே வந்துவிட்டது, தனி விதி என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

மறுபக்கத்திலிருந்தும் வரலாம். தடையைத் தலைகீழாக்கி 'எவ்வளவு கடத்துகிறது' என்று அளக்க, கெல்வின் பிரபு ஓம் என்பதன் ஆங்கில எழுத்துகளையே பின்னாலிருந்து எழுதி 'மோ' என்று அலகு வைத்தார். ஹீட்டர்களை மோவில் எழுதினால் அவையும் பக்க இணைப்பில் நேராகக் கூடும், கண்டென்சர் போலவே. ஃபாரட்டைத் திருப்பி 'டாராஃப்' என்று ஓர் அலகை ஆர்தர் கென்னலி சொன்னார். அதில் எழுதிய கண்டென்சர்கள் வரிசையில் நேராகக் கூடும். டாராஃப் புழக்கத்துக்கு வரவில்லை. வந்திருந்தால் அன்றைக்கு ராத்திரி நான் பத்தையும் பத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டியிருக்க மாட்டேன்.

அப்படியானால் கண்டென்சரை யாராவது வேண்டுமென்றே வரிசையாகப் போடுவார்களா? போடுவார்கள், வோல்ட்டைப் பங்கு போட. நிட்டிங் மிஷினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் ஒன்றைப் போன வருஷம் பிரித்தேன். த்ரீ ஃபேஸ் 415 வோல்ட்டை உள்ளே நேர்மின்னோட்டமாக்கினால் சுமார் 587 வோல்ட் வருகிறது. உள்ளே இருந்த பெரிய கண்டென்சர்கள் ஒவ்வொன்றும் 400 வோல்ட்தான் தாங்கும். அதனால் இரண்டை வரிசையாக வைத்திருந்தார்கள். தேக்கும் அளவு பாதியாகும், தாங்கும் வோல்ட் இருமடங்காகும். ஒரே அளவுள்ளவை என்றால் ஆளுக்கு 293 வோல்ட்.

அந்த டிரைவில் மேல் கண்டென்சரின் தலை உப்பியிருந்தது. மீட்டரை வைத்தேன்: மேலே 395, கீழே 192. இரண்டின் மைக்ரோ ஃபாரட்டும் அநேகமாக ஒன்றே. பிறகு ஏன் இந்தப் பாரபட்சம்? கண்டென்சர் என்றாலும் உள்ளே கொஞ்சம் கசியும். நேர்மின்னோட்டம் மணிக்கணக்கில் நிற்கும்போது வோல்ட்டைப் பிரிப்பது தேக்கும் அளவு இல்லை, கசிவுதான். கசிவு என்பது ஒரு தடை. தடையில் யாருக்கு அதிகமோ அவருக்குத்தான் அதிக வோல்ட். இரண்டு கண்டென்சரின் கசிவும் ஒரே மாதிரி இருக்காது என்பதால், ஒவ்வொன்றுக்கும் குறுக்கே ஒரு லட்சம் ஓம் மின்தடை ஒன்றைப் போட்டிருந்தார்கள். கசிவைவிட அது தாராளமாகக் கடத்தும், பங்கும் சமமாகும். மேலே இருந்த அந்த மின்தடை வருஷக்கணக்கான சூட்டில் கருகி, நடுவில் அறுந்து கிடந்தது. இனி மேலே இருப்பது கண்டென்சரின் கசிவு மட்டுமே. அளந்த வோல்ட்டை வைத்துப் பார்த்தால் அது சுமார் இரண்டு லட்சம் ஓம், கீழே உள்ள மின்தடையைப்போல் இருமடங்கு. ராத்திரியில் ஊர் லோடு குறைந்து லைன் 440-க்கு ஏறினால் மொத்தம் 622 வோல்ட் ஆகும். மேல் கண்டென்சரின் பங்கு 400-ஐத் தாண்டிவிடும். உப்பாமல் என்ன செய்யும்?

கரண்டை நிறுத்தியதும் தேங்கியதை வடிக்கிற வேலையும் அந்த மின்தடைக்கே. அறுந்துபோனால் மேல் கண்டென்சரில் மின்சாரம் வெகு நேரம் நிற்கும், தொட்டால் ஆளைத் தூக்கிவிடும். மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்வரை நான் கை வைக்கவில்லை. பிறகு இரண்டு மின்தடையையும் மாற்றினேன். ஒன்று நன்றாக இருந்தாலும் அதுவும் அதே சூட்டைத் தின்றதுதான். கண்டென்சர்களையும் ஜோடியாகவே மாற்றினேன். கரண்டைக் கொடுத்துவிட்டு மீட்டரை வைத்தேன். மேலே 294, கீழே 293.