நவம்பர் வரைக்கும்னா, நவம்பர் வரை விற்கலாமா?

என் மாமா மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, கடை கம்ப்யூட்டரில் இருந்து ஒரு பட்டியல் எடுப்பார். அடுத்த மூன்று மாதங்களுக்குள் காலாவதியாகும் மருந்துகள் எல்லாம் பேட்ச் நம்பரோடு அதில் இருக்கும். கடந்த செப்டம்பரில் அந்தப் பட்டியலோடு நானும் உட்கார்ந்தேன்.

ஒரு வரி: சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் 500, 10 மாத்திரை அட்டை, இருப்பு 40, எக்ஸ்பைரி நவம்பர். நாள் போடாமல் மாதம் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை என்று அர்த்தம். மாதத்துக்கு 12 அட்டை போகிறது. மூன்று மாதத்தில் 36 போய்விடும், மிச்சம் நாலுதானே என்றேன்.

"வாங்குறவங்க அன்னிக்கேவா முழுங்குறாங்க?" என்றார் மாமா.

அந்த 12 அட்டையையும் வாங்குவது இரண்டே பேர். தினமும் இரண்டு மாத்திரை, ஆளுக்கு மாதம் ஆறு அட்டை. ஐந்தாம் தேதி வாக்கில் வருவார்கள். நவம்பர் 5-ல் கொடுத்தால் கடைசி மாத்திரையைப் போடும்போது டிசம்பர் 4 ஆகிவிடும். நாலு நாள் காலாவதியான மாத்திரை! அதனால் செப்டம்பர், அக்டோபர் என இரண்டு மாத விற்பனைதான் கணக்கு, 24 அட்டை. மிச்சம் 16.

அதோடு முடியவில்லை. அலமாரியில் எண்ணினால் அந்த பேட்ச் 34 அட்டைதான் இருந்தது. புதிய பேட்ச்சில் ஆறு கூடுதல். பில்லில் புதிய பேட்ச்சைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கையில் வந்த பழையதை யாரோ கொடுத்திருக்கிறார்கள். மொத்தம் சரியாக இருப்பதால் கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. பட்டியல் சொல்வது பில் போட்டதை. அலமாரி சொல்வது கொடுத்ததை. அதனால்தான் மாமா பட்டியலில் உள்ள ஒவ்வொரு மருந்தையும் கையால் எண்ணி, பேட்ச் நம்பரைப் படித்துப் பார்க்கிறார்.

34-ல் 24 போக 10 அட்டையை மொத்த வியாபாரிக்குத் திருப்பி அனுப்பத் தனியாக எடுத்து வைத்தார். எந்த மாதத்துக்குள் அனுப்பினால் எடுப்பார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பொதுவாக வெட்டிய அட்டையை எடுக்க மாட்டார்கள். அது கடைக்காரர் தலையில்தான். மீதி 24 அட்டையை அலமாரியில் முன்னால் வைத்தார், புதிய பேட்ச் பின்னால் போனது.

இப்போது வீட்டுக்கு மாத்திரை வாங்கும்போது நானும் அதே கணக்கைப் போடுகிறேன். எக்ஸ்பைரி தேதியை வாங்கும் நாளோடு ஒப்பிடாமல், கடைசி மாத்திரை போடப்போகும் நாளோடு ஒப்பிடுகிறேன். அட்டையை வெட்டித் தந்தால், தேதி அச்சிட்ட முனை யாரிடம் இருக்கிறது என்று பார்க்கிறேன். என்னிடம் இல்லையென்றால் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்கிறேன்.