பால்மர இலையும் வில்வ இலையும்



நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரம் குறைந்து செம்பனை பெருகிவிட்டது. பாட்டி பால் வெட்டிய மரத்தைப் பேரப்பிள்ளைகள் பலர் அருகில் பார்த்ததில்லை. ஆகவே ஐந்தாம் ஆண்டு ஓவிய வகுப்பில் பால்மர இலையையே பொருளாக எடுத்துக்கொண்டேன். நிழற்படத்தைப் படிப்படியாகச் சுருக்கிச் சின்னமாக்குவதே பாடம்.

ஒரு ஏ4 தாளை நான்கு கட்டங்களாக மடிக்கச் சொன்னேன். முதல் கட்டத்தில் இலையின் நிழற்படத்தை ஒட்ட வேண்டும். இரண்டாவதில் அதைப் பார்த்து நரம்பு, நிழல், பூச்சி அரித்த ஓட்டை உட்பட உள்ளபடியே பென்சிலால் வரைய வேண்டும். மூன்றாவதில் நிழலையும் சிறு நரம்புகளையும் நீக்கி, வெளிக்கோட்டையும் நடுநரம்பையும் மட்டும் நிறுத்த வேண்டும். நான்காவதில் நடுநரம்பையும் விட்டு, கட்டைவிரல் நகத்தளவில் கறுப்பாக நிரப்ப வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் முந்தைய கட்டத்தைப் பார்த்தே வரைய வேண்டும் என்பது விதி. இரண்டாம் கட்டத்தைத் தாண்டிக் குதிக்கும் பிள்ளை, மனத்தில் ஏற்கெனவே இருக்கும் பொதுவான இலையைத்தான் வரையும்.

சின்னங்கள் அழகாகவே வந்தன. ஒரு மாணவி தன்னுடையதை வீட்டிற்குக் கொண்டுபோய், முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளியான பாட்டியிடம் காட்டினாள். பாட்டி, "வில்வமா கண்ணு?" என்று கேட்டாராம்.

மறுநாள் அத்தாள்களை மீண்டும் விரித்துப் பார்த்தேன். பிழை என்னுடையதுதான். எதை நீக்குவது என்று சொன்னேனே தவிர, எதை நீக்கக்கூடாது என்று சொல்லவில்லை. இரண்டு இலைகளிலும் மூன்று சிற்றிலைகள் உண்டு. வில்வத்தில் நடுச்சிற்றிலை மட்டும் தனிக்காம்புடன் சற்று மேலே நிற்கும்; பக்கத்து இரண்டும் கீழே ஒட்டியிருக்கும். பால்மரத்தில் மூன்றும் நீண்ட காம்பின் நுனியில் ஒரே இடத்திலிருந்து பிரிந்து, பெரும்பாலும் கீழ்நோக்கித் தொங்கும். மாணவியின் இரண்டாம் கட்டத்தில் இவை சரியாகவே இருந்தன. மூன்றாம் கட்டத்தில் காம்பு குட்டையாயிற்று. அழகுக்காக நடு இலை மேலே ஏறிவிட்டது.

இப்பொழுது மூன்றாம் கட்டத்திற்கு முன் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன்: "இதைப் போன்ற வேறு இலை எது? எந்த இரண்டு அடையாளங்களால் இது வேறுபடுகிறது?" அவ்விரண்டையும் சிவப்பு மையால் வட்டமிட வேண்டும், வட்டமிட்டதை இறுதிவரை அழிக்கக்கூடாது. முடிவில், பாடத்தைக் காணாத ஒருவரிடம் மூன்று மீட்டர் தொலைவிலிருந்து சின்னத்தைக் காட்டிப் பெயர் கேட்க வேண்டும். தவறாகச் சொன்னால் நான்காம் கட்டத்தைத் திருத்திப் பயனில்லை. மூன்றாவதற்குத் திரும்ப வேண்டும்.

அம்மாணவி திருத்திய சின்னத்தை மறுபடியும் பாட்டியிடம் காட்டினாள். பாட்டி இம்முறை பெயரைச் சொல்லவில்லையாம். விடியலில் எந்த நிரையில் தொடங்கி எங்கே முடிப்பார் என்று சொல்லத் தொடங்கிவிட்டாராம்.