"எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?"

இறுதிப் பரீட்சை எழுதிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நேரம். கொழும்பில ஒரு நிறுவனத்துக்கு மொழிபெயர்ப்பு உதவியாளர் வேலைக்கு இன்டர்வியூக்குப் போனேன். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில போய், வெள்ளவத்தையில ஒரு தோழியின் அறையில முகம் கழுவி, இஸ்திரி போட்ட சட்டையோட போய் இருந்தேன். பத்து நிமிசம்கூட ஆகேல்ல. எதிரில இருந்தவர் கேட்டார்: "சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?"

வேலை நேரம் என்ன, என்ன மாதிரியான மொழிபெயர்ப்பு, எதுவுமே அதுவரைக்கும் கதைக்கப்படேல்ல. ஆனா பேசாமல் இருந்தால் மரியாதை இல்லையெண்டு பட்டது. கூடக் கேட்டால் திமிர் எண்டு நினைப்பினமோ எண்டும் பயம். வாயில வந்தது "நாற்பத்தையாயிரம் சேர்." அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தாளில எழுதினார்.

அடுத்த கிழமை கடிதம் வந்தது. அடிப்படைச் சம்பளம் சரியா 45,000. சனிக்கிழமை அரை நாளும் வேலை. அம்மா சந்தோசப்பட்டா. நான் அண்டைக்குத்தான் முதன்முதலா பேனையும் கொப்பியும் எடுத்துக் கணக்குப் பார்த்தேன்.

வெள்ளவத்தையில பங்கிட்ட போர்டிங் அறைக்கு 15,000. சாப்பாடு நாளுக்கு 900 படி 27,000. பஸ்ஸுக்கு 22 நாளைக்கு 4,400. போனுக்கு 1,500. வீட்டுக்கு 10,000. மொத்தம் 57,900. சனிக்கிழமை பஸ்காசு இதுக்குள்ள இல்லை. அதோட, சம்பளத்திலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிப்பினம். 45,000 கையில வரேக்க 41,400. நிறுவனம் தன்ர பங்காக 12 வீதம் போடும்தான், ஆனா அது பிற்காலத்துக்கான காசு, போர்டிங் அன்ரிக்குக் குடுக்கேலாது. மாதம் 16,500 துண்டு விழும். வேலையை வேண்டாம் எண்டு சொல்ல வேண்டி வந்தது. அந்த மெயிலை எழுதின இரவு அம்மா என்னோட கதைக்கேல்ல.

பிறகு மனிதவளப் பிரிவில வேலை செய்யிற அக்கா ஒராளிட்ட இதைச் சொன்னேன். அவ சிரிச்சிட்டுச் சொன்னா: "அவையள் ஒரு தொகை ஒதுக்கி வைச்சிட்டுத்தான் கேட்கிறது. நீ அதுக்குக் கீழ சொன்னால் ஒருத்தரும் கூட்டித் தரமாட்டினம். நல்லா மேல சொன்னால் அடுத்த ஆளைக் கூப்பிடுவினம். முதல்ல விழுற இலக்கத்தைச் சுத்தித்தான் பிறகு எல்லாக் கதையும்."

அவ சொல்லித் தந்தது இவ்வளவுதான். போக முதலே உன்ர அடிமட்டத் தொகையைத் தெரிஞ்சு வை. கேள்வி வந்தால் முதல்ல அதை மரியாதையாத் திருப்பிக் கேள். அவையள் விடாமல் கேட்டால் மட்டும் ஒரு வீச்சாச் சொல்லு. கீழ்த் தொகை அடிமட்டத்துக்குக் கொஞ்சம் மேல இருக்கட்டும், ஏனெண்டால் கேட்கிறவையின்ர காதில விழுறது அந்தக் கீழ்த் தொகை மட்டும்தான். அது கழிவுக்கு முந்தின தொகை எண்டதையும் வாய்விட்டுச் சொல்லு.

57,900 கையில வர வேணுமெண்டால் சம்பளம் கிட்டத்தட்ட 63,000 இருக்க வேணும். 8 வீதமான 5,040 போனால் 57,960. இதுதான் என்ர அடிமட்டம்.

இரண்டாவது இன்டர்வியூவில அதே கேள்வி வந்தது. நெஞ்சு அடிச்சுக்கொண்டுதான் சொன்னேன்: "வேலையின்ர பொறுப்புகளை விளங்கிக்கொண்டு சொன்னால் நல்லம். இந்தப் பதவிக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கிற தொகை எந்த அளவில இருக்கும்?" அந்த மிஸ் கோவிக்கேல்ல. வேலை திங்கள் முதல் வெள்ளி வரை எண்டு விளங்கப்படுத்தினா. தொகையைச் சொல்லாமல், "நீங்கள் ஒரு அளவு சொல்லுங்கோவன்" எண்டா. "கழிவுக்கு முதல் 68,000இலிருந்து 75,000 வரை" எண்டேன்.

கொஞ்ச நேரம் தாளைப் பார்த்திட்டு, "பயிற்சிக் காலத்துக்கு எங்களால 60,000தான் ஏலும்" எண்டா. என்ர அடிமட்டத்துக்கும் கீழ. முந்தின நான் எண்டால் தலையாட்டியிருப்பேன். இப்ப கேட்டேன், பயிற்சிக் காலம் எவ்வளவு, அதுக்குப் பிறகு எவ்வளவு எண்டு. ஆறு மாதம், பிறகு 70,000. "அதைக் கடிதத்தில போடுவீங்களா மிஸ்?" போடுறம் எண்டா. போட்டும் இருந்தினம்.

கேள்வியைத் திருப்பிக் கேட்டதால காசு கொட்டேல்ல. தொடக்க வேலைக்குப் போற எங்களுக்குப் பேரம் பேசுற பலம் குறைவு. சில இடங்களில விண்ணப்பத்திலேயே தொகை எழுதாமல் விடேலாது. ஆனா 60,000 எண்டு கேட்ட உடனே 55,200தான் கைக்கு வரும், 2,700 குறையும் எண்டு எனக்குத் தெரிஞ்சிருந்தது. குறையிறதை எங்க பிடிக்கிறது எண்டதை நான் யோசிச்சு முடிவெடுத்தேன்.

அம்மாட்டச் சொன்னேன்: "ஆறு மாதத்துக்கு ஏழாயிரம்தான் அனுப்புவேன், பிறகு பத்து." "ஏன் ஏழு?" எண்டு கேட்டா. கொப்பியைத் திறந்து காட்டினேன்.